சார்ஜ் ஏறுகிறது, காரின் திரையில் மட்டும் போன் வரவில்லை: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழிமுறை

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து வாடகைக் கார் ஓட்டுநர்கள் என் போன் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுவரும் புகார்களில் ஒன்று மட்டும் எழுத்து மாறாமல் வருகிறது. "கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது அண்ணே, சார்ஜ் ஏறுகிறதே! கார்தான் போனை எடுக்க மாட்டேன் என்கிறது." இந்த ஒரு வாக்கியத்தை நம்பி, காரின் நல்ல டிஸ்பிளேயைக் கழற்றி மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஆற்றாமையாகவே இருக்கிறது. டிஸ்பிளேயை மாற்றும் செலவில் ஒரு சின்னப் பங்குகூட ஆகாத இடத்தில்தான் பெரும்பாலும் பழுது இருந்திருக்கிறது.

சார்ஜ் ஏறுவது கேபிள் நன்றாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது. சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் ஓடும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் டேட்டாவுக்கு. சார்ஜ் ஏற முதல் இரண்டே போதும். போனைக் காரின் திரையில் கொண்டுவரும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஐபோனின் கார்பிளேயும் கம்பி வழியாக இயங்க நான்கும் வேண்டும். சி வகை முனையில் இந்த வித்தியாசம் இன்னும் கூடுகிறது. அதற்குள் மின்சாரம் போக நான்கு சிறு உலோக முனைகள், திரும்பி வர நான்கு. இரண்டு கெட்டாலும் மீதி வேலை பார்க்கும். டேட்டாவுக்கோ கேபிள் முனையில் ஒரே ஒரு ஜோடிதான். மின்சாரம் 5 வோல்ட்டில் பாய்கிறது; வேகமான டேட்டா சமிக்ஞையோ அரை வோல்ட்டுக்கும் குறைவு. அதனால் அழுக்கோ உப்போ படிந்தால் முதலில் சாவது டேட்டாதான். சார்ஜ் அதற்குப் பிறகும் பல மாதங்கள் ஓடும்.

இனி உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும். வரிசையை மாற்றாதீர்கள்.

அறிகுறி 1: சார்ஜ் ஏறுகிறது, ஆனால் போனிலும் காரிலும் வேறு எந்த அசைவும் இல்லை

*முதலில் போர்ட்.* பல கார்களில் இரண்டு மூன்று யுஎஸ்பி துளைகள் இருக்கும். அவற்றில் பெரும்பாலும் ஒன்று மட்டும்தான் டிஸ்பிளேயோடு இணைந்தது. மற்றவை வெறும் சார்ஜர்கள். பின்னிருக்கைக்காரர்களுக்காக வைத்திருக்கும் துளைகள் அநேகமாக சார்ஜுக்கு மட்டும்தான். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சார்ஜருக்கும் டிஸ்பிளேக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. டேட்டா துளையின் பக்கத்தில் யுஎஸ்பி குறியோ போன் படமோ இருக்கும். மின்னல் படமோ பேட்டரி படமோ மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். குறி தேய்ந்திருந்தால் காரின் கையேட்டைப் பாருங்கள். கையேடும் இல்லையென்றால் பாட்டு ஏற்றிய பென் டிரைவை ஒவ்வொரு துளையிலும் செருகிப் பாருங்கள். எந்தத் துளையில் டிஸ்பிளே பாட்டை எடுக்கிறதோ அதில் டேட்டா கம்பி இருக்கிறது.

*அடுத்து போனின் பூட்டு.* முதன்முறை இணைக்கும்போது போன் திறந்திருக்க வேண்டும். சம்மதம் கேட்கும் பெட்டி பூட்டிய திரைக்குப் பின்னால் காத்துக்கொண்டிருக்கும், நாம் டிஸ்பிளேயையே பார்த்துக்கொண்டிருப்போம்.

*பிறகு கேபிள்.* இதைக் காரில் வைத்துச் சோதிக்காதீர்கள். காரில் ஒரே நேரத்தில் போன், கேபிள், போர்ட், டிஸ்பிளே என்று நான்கு சந்தேகங்கள் இருக்கும். கணினியில் செருகினால் சந்தேகம் இரண்டாகக் குறையும். வழியில் இருந்தால் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் அரை நிமிடம் கேட்டால் போதும். ஆண்ட்ராய்டு போனைச் செருகியதும் மேலிருந்து அறிவிப்புப் பலகையை இழுங்கள். `Charging this device via USB` என்று வர வேண்டும். அதைத் தொட்டால் `Use USB for` என்ற தலைப்பின் கீழ் `File transfer / Android Auto` என்ற தேர்வு இருக்கும். சில போன்களில் சொற்கள் கொஞ்சம் மாறலாம். அந்தத் தேர்வைத் தொட முடிந்து, கணினியில் போனின் பெயர் வந்தால் டேட்டா கம்பி உயிரோடு இருக்கிறது. அறிவிப்பே வராமல், அல்லது தேர்வுகள் மங்கலாகத் தொட முடியாமல் இருந்து, சார்ஜ் மட்டும் ஏறினால் டேட்டா கம்பி இல்லை அல்லது அறுந்திருக்கிறது. ஐபோன் என்றால் `Trust This Computer?` என்ற கேள்வி வர வேண்டும். ஏற்கெனவே நம்பிய கணினியில் அந்தக் கேள்வி திரும்ப வராது என்பதால், முன்பு இணைக்காத கணினியில் பாருங்கள்.

ஒரு போனை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். அதே கேபிளில் இன்னொரு போனையும், அதே போனில் இன்னொரு கேபிளையும் செருகிப் பாருங்கள். எது மாறும்போது விடை மாறுகிறதோ அதில்தான் பழுது.

கேபிள் தடிமனாக இருக்கிறது, நூல் பின்னியிருக்கிறது, வேகமாக சார்ஜ் ஏற்றுகிறது என்பதெல்லாம் டேட்டாவைப் பற்றி எதுவும் சொல்லாது. கடையில் கெட்டுப்போன கேபிள்களை நான் வெட்டிப் பார்ப்பது வழக்கம். விரல் தடிமனுக்கு இருந்த கேபிளுக்குள் இரண்டே கம்பி ஓடியதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பவர் பேங்க், காதொலிக் கருவி, கையில் பிடிக்கும் சிறு மின்விசிறி ஆகியவற்றோடு வரும் குட்டைக் கேபிள்கள் பலவும் இந்த வகைதான். இரு முனையும் சி வகையாக உள்ள கேபிளில் டேட்டா கம்பி இருந்தே ஆக வேண்டும் என்பது யுஎஸ்பி விதி. ஆனால் விதியை மதிக்காத கேபிள்களும் விற்பனைக்கு வருகின்றன. வாங்கும்போது கடைக்காரரிடம் "டேட்டா கேபிள் வேண்டும்" என்று சொல்லி, அங்கேயே கணினியில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

*கடைசியாக ஜாக்கில் பஞ்சு.* எந்தக் கேபிளும் கணினியில் எடுக்கவில்லை என்றால் போனின் ஜாக்கை வெளிச்சத்தில் பாருங்கள். சட்டைப்பை நூலும் மணலும் அடியில் அழுத்தி உட்கார்ந்தால் கேபிள் முழு ஆழத்துக்குப் போகாது. முனைக்கும் போனுக்கும் இடையில் ஒரு நூலிழை அளவு வெள்ளி நிறம் தெரிந்தால் அதுதான் அடையாளம். போனை அணைத்துவிட்டு மரக் குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் எதையும் உள்ளே விடாதீர்கள். நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கு உடைந்தால் ஜாக்கையே மாற்ற வேண்டி வரும்.

அறிகுறி 2: விடியலில் எடுப்பதில்லை, வெயில் ஏறியபின் தானாக எடுக்கிறது

நம் கடற்கரையில் அதிகம் குழப்புவது இதுதான். ஊர் உள்ளே இருப்பவர்களுக்கு எழுதிய எந்தக் குறிப்பிலும் இது கிடைக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காற்றோடு வந்து படியும் உப்பு, காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானாகவே ஈரத்தை உறிஞ்சி நீராகிவிடும். வெயில் ஏறிக் காற்று உலர்ந்ததும் திரும்பப் பொடியாகிவிடும். வீட்டில் உப்பு ஜாடி விடியலில் கசிந்து, மதியம் கட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் போன் ஜாக்குக்குள்ளும் நடக்கிறது. ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும். பக்கத்துப் பக்கத்து முனைகளுக்கு இடையே அது ஒரு திருட்டுப் பாதை போடுகிறது. 5 வோல்ட்டுக்கு அது பொருட்டில்லை. அரை வோல்ட்டுக்கும் குறைவான சமிக்ஞை அதில் கலங்கிவிடுகிறது.

ஏசி இதை மோசமாக்குகிறது. குளிர்ந்த காரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு தனுஷ்கோடிக் கடற்கரையில் இறங்கினால் போனின் உலோகப் பகுதிகளில் பனி பூக்கும். கண்ணாடி அணிந்தவர்கள் இறங்கியதும் கண்ணாடி மங்குவதைக் கவனித்திருப்பார்கள். ஜாக்கின் உள்ளேயும் அப்படித்தான். அந்த ஈரத்தோடு திரும்ப வந்து கேபிளைச் செருகுகிறோம்.

தங்கச்சிமடத்து ஓட்டுநர் ஒருவரின் போனை வைத்து இதைச் சொல்வது எளிது. மதுரை விமான நிலையத்திலிருந்து ராமேசுவரத்துக்கு யாத்திரிகர்களை ஏற்றி வருபவர். மூன்று கேபிள்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மூன்றிலும் சார்ஜ் ஏறுகிறது, மூன்றும் காரில் எடுப்பதில்லை என்றார். டிஸ்பிளேயை மாற்ற ஒரு கடையில் விலை பேசிவிட்டு வந்திருந்தார்.

என் கடையில் லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. அதில் இந்தக் கட்டளையை ஓடவிட்டுக் கேபிளைச் செருகினால் கணினிக்கு என்ன தெரிகிறது என்பதை அதுவே வரிவரியாகச் சொல்லும்.

```
sudo dmesg -w
```

முதல் கேபிள் இரண்டு மீட்டர் நீளம், பேருந்து நிலையத்தில் வாங்கியது. செருகியதும் போனில் சார்ஜ் குறி வந்தது. கணினியில் ஒரு வரிகூட வரவில்லை. டேட்டா கம்பி இல்லாத கேபிளின் அடையாளம் இந்த மௌனம்தான். இரண்டாவது, போன் பெட்டியோடு வந்த கேபிள். அதற்கு இப்படி வந்தது:

```
usb 1-2: device descriptor read/64, error -71
```

கம்பி இருக்கிறது, பேச்சு குழறுகிறது என்று இதற்குப் பொருள். கழுத்துப் பகுதியை விரலால் பிடித்து வளைத்தபோது ஒரு கணம் சரியாகி, திரும்பக் கெட்டது. உள்ளே கம்பி இற்றிருக்கிறது. மூன்றாவது, அதற்கு முந்தைய வாரம் வாங்கிய ஒரு மீட்டர் கேபிள்:

```
usb 1-2: new high-speed USB device number 9 using xhci_hcd
```

இது நல்ல விடை. `high-speed` என்ற சொல் இருக்க வேண்டும். `full-speed` என்று வந்தால் இணைப்பு மிகக் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிட்டது. திரைப் படத்தை அனுப்ப அந்த வேகம் போதாது.

அப்படியானால் மூன்றாவது கேபிள் காரில் ஏன் எடுக்கவில்லை? அவர் சோதித்ததெல்லாம் விடியற்காலைச் சவாரிக்குக் கிளம்பும்போது. நான் சோதித்தது பிற்பகலில். இது பிடிபட எனக்கே சற்று நேரம் ஆனது. "நாளை காலை கிளம்பும்போது வண்டியை அப்படியே கடைக்கு ஓட்டி வாருங்கள்" என்றேன். மறுநாள் ஐந்தரை மணிக்கு வந்தார். வாடைக்காற்று அடித்த மார்கழி மாதம், கதவுக் கைப்பிடியே பிசுபிசுத்தது. கேபிளைச் செருகினோம். சார்ஜ் ஏறியது, டிஸ்பிளே எடுக்கவில்லை. போன் பக்கத்து முனையை எடுத்து, தலைகீழாகப் புரட்டிச் செருகினோம். ஆண்ட்ராய்டு ஆட்டோ உடனே திரையில் வந்துவிட்டது.

இந்தப் புரட்டல் சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது, காசே ஆகாது. சி வகைக் கேபிளின் முனையில் டேட்டா ஜோடி ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. போனின் ஜாக்கில் நாக்கின் மேலும் கீழும் இரண்டு ஜோடிகள் இருக்கின்றன. புரட்டினால் அதே கேபிள் முனை போனின் மறுபக்க ஜோடியைத் தொடும். ஒரு பக்கம் எடுத்து மறுபக்கம் எடுக்கவில்லை என்றால் கேபிளும் காரும் டிஸ்பிளேயும் நன்றாக இருக்கின்றன. போன் ஜாக்கின் ஒரு பக்கம் கெட்டிருக்கிறது. பழைய ஐபோன்களின் லைட்னிங் முனையில் இது நேர் மாறு. அங்கே போனுக்குள் ஒரே வரிசை, கேபிளில் இரண்டு பக்கமும் முனைகள். அதனால் ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் பெரும்பாலும் கேபிள் முனையில்தான் பழுது. ஏதாவது ஒரு தங்க முனை கறுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

உருப்பெருக்கியில் அவருடைய போனின் நாக்கைப் பார்த்தேன். ஒரு பக்கம் பளிச்சென்று இருந்தது. மறுபக்கத்தில் வெண்படலமும், ஓரத்தில் பித்தளைப் பாத்திரத்தில் பிடிப்பது போன்ற பச்சைக் களிம்பும் இருந்தன. சுத்தம் செய்தபின் இரு பக்கமும் எடுத்தது. டிஸ்பிளேக்கு வைத்திருந்த பணம் அவர் பையிலேயே தங்கியது.

சுத்தம் செய்வதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஊற்றித் தேய்த்தால் எல்லாம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகும். உப்பு அதில் அவ்வளவாகக் கரையாது. நகர்ந்து வேறிடத்தில் உட்காரும். கேபிள் முனை என்றால், இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்மையான பல்துலக்கியால் முதலில் தேயுங்கள். பேட்டரிக்கு ஊற்றுவதற்காகப் பெட்ரோல் நிலையத்தில் விற்கும் நீர் போதும்; குழாய் நீர் வேண்டாம், நம் பக்கத்து நீரிலேயே உப்பு உண்டு. பிறகு ஆல்கஹாலால் துடைத்து ஒரு நாள் நிழலில் உலர விடுங்கள். போன் ஜாக்குக்குள் நீங்களே நீரைக் கொண்டுபோகாதீர்கள். போனை அணைத்துவிட்டு, உலர்ந்த மென் தூரிகையாலும், பிறகு ஆல்கஹாலில் லேசாக நனைத்துப் பிழிந்த தூரிகையாலும் துடைப்பதோடு நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் வெள்ளையோ பச்சையோ தெரிந்தால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். களிம்பு தங்கப் பூச்சைத் தின்றிருந்தால் எவ்வளவு துடைத்தாலும் சில வாரங்களில் திரும்ப வரும். அப்போது ஜாக்கை மாற்றுவதே வழி.

போன் தானே ஈர எச்சரிக்கை காட்டினால் செருகுவதை நிறுத்துங்கள். ஜாக் கீழ்நோக்கி இருக்கும்படி போனைப் பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிடுங்கள். முழுதாக உலர ஒரு நாள்வரை ஆகலாம். அரிசி டப்பாவில் புதைப்பதால் தூசிதான் ஏறும்.

இன்னொன்றையும் அந்த ஓட்டுநரின் காரில் பார்த்தேன். பழைய செவ்வக முனை உள்ள போர்ட்டில் கேபிளை எப்போதும் செருகியே வைத்திருந்தார். மறு முனை கியர் பக்கத்துக் குழியில் கிடந்தது. அந்தப் போர்ட் உயிரோடு இருக்கும் நேரமெல்லாம் தொங்கும் முனையில் 5 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். அதன்மேல் உப்பு ஈரம் பட்டால் முனை அரிக்கத் தொடங்கும். அரித்த முனை போனின் ஜாக்கையும் கெடுக்கும். இரு முனையும் சி வகையாக இருந்தால் போன் செருகிய பிறகுதான் மின்சாரம் வரும் என்பதால் இந்தத் தொல்லை குறைவு. பழைய வகைப் போர்ட் உள்ளவர்கள் வண்டியை விட்டு இறங்கும்போது கேபிளைக் கழற்றி, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

அறிகுறி 3: இணைகிறது, வண்டி குலுங்கினால் அறுந்துபோகிறது

சார்ஜ் ஒரு நொடி நின்று வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். டேட்டா கண் இமைக்கும் நேரம் அறுந்தாலும் வரைபடம் திரையிலிருந்து போய்விடும், திரும்ப வரச் சில நொடிகள் ஆகும். பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்பு மேடுகளில் ஏறும்போதெல்லாம் போகிறது என்று சொன்னவர்கள் உண்டு.

போனின் உறையைக் கழற்றிவிட்டுச் செருகிப் பாருங்கள். தடித்த உறை கேபிள் முனையை முழுதாகப் போகவிடாது. அடுத்து, நடுவில் நீட்டிப்புக் கேபிளோ, ஒன்றை மூன்றாக்கும் பிரிப்பானோ, முனை மாற்றியோ இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு ஒரு மீட்டருக்குள் இருக்கும் கேபிளையே கூகுள் பரிந்துரைக்கிறது. என் அனுபவமும் அதுதான். போனை முன் கண்ணாடியில் பொருத்துவதற்காக இரண்டு மீட்டர் கேபிள் வாங்குகிறவர்கள், காரின் திரையிலேயே வரைபடம் வரும்போது போனைக் கீழே வைத்துவிட்டால் குட்டைக் கேபிளே போதும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகும் அறுந்தால் வண்டியை நிறுத்திவைத்து, இணைப்பு உள்ளபோது மூன்று இடங்களைத் தனித்தனியாக அசையுங்கள்: போன் பக்கத்து முனை, கேபிளின் கழுத்துகள், கார் பக்கத்து முனை. எங்கே அசைத்தால் அறுகிறதோ அங்கே பழுது. போன் முனையில் தளர்வு தெரிந்தால் புதிய கேபிள் போட்டும் அதே தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். புதியதில் 'டக்' என்று பிடித்தால் பழைய கேபிளின் பிடிப்பு தேய்ந்திருக்கிறது. புதியதும் ஆடினால் போன் ஜாக் தேய்ந்திருக்கிறது, கடைக்குப் போக வேண்டும்.

அறிகுறி 4: கணினியில் எடுக்கிறது, இன்னொருவர் போனைக் கார் எடுக்கிறது, இந்தப் போனை மட்டும் எடுப்பதில்லை

கேபிளும் போர்ட்டும் இதில் தப்பித்துவிட்டன. பெரும்பாலும் அமைப்புகளில் இருக்கும் சிக்கல். ஆண்ட்ராய்டில் அமைப்புகளைத் திறந்து Android Auto என்று தேடி, முன்பு இணைத்த கார்களின் பட்டியலில் இந்தக் காரை மறக்கச் சொல்லுங்கள். டிஸ்பிளேயிலும் இந்தப் போனை நீக்குங்கள். இரண்டு பக்கமும் நீக்க வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் நீக்குவதால்தான் பலருக்குப் பயன் கிடைப்பதில்லை. பிறகு போனை அணைத்துப் போட்டு, பூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு செருகி, வரும் கேள்விகளுக்கெல்லாம் சம்மதம் கொடுங்கள்.

ஐபோனில் Settings, General, CarPlay என்று போய்க் காரை மறக்கச் செய்து திரும்பச் சேருங்கள். சிரி அணைந்திருந்தால் கார்பிளே வராது. Screen Time கட்டுப்பாடு போட்டிருந்தால் அதில் அனுமதித்த செயலிகளின் பட்டியலில் CarPlay இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கிய போனில் இது அணைந்திருந்ததைக் கண்டிருக்கிறேன்.

ஒரு கேள்வியை நான் எப்போதும் கேட்பேன்: இந்தப் போனின் சார்ஜிங் ஜாக்கை முன்பு மாற்றியிருக்கிறீர்களா? பல போன்களில் ஜாக் ஒரு தனிச் சிறு பலகையில் இருக்கிறது. மலிவான மாற்றுப் பலகைகளில் சார்ஜ் ஏறும், டேட்டா தடுமாறும். கணினியில் படம் நகலெடுக்கும்போது பாதியில் நின்றுபோனால் அதைச் சந்தேகப்படலாம்.

அறிகுறி 5: நல்ல கேபிள், நல்ல போன்கள், எதையும் கார் எடுப்பதில்லை

இங்கே வருவதற்கு முன் குறைந்தது இரண்டு போன்களும், கணினியில் சோதித்துத் தேறிய ஒரு கேபிளும் கையில் இருக்க வேண்டும். டிஸ்பிளேயின் அமைப்புகளில் போன் இணைப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டிஸ்பிளேயை மறுதொடக்கம் செய்யுங்கள். முறை கையேட்டில் இருக்கும். காரின் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வளைந்த முனையோ களிம்போ தெரிந்தால் உங்கள் வேலை அங்கே முடிகிறது.

கம்பியில்லாமல் இணைக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கிச் செருகினால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தக் கருவியும் அதே போர்ட்டில், அதே டேட்டா கம்பி வழியாகத்தான் காரோடு பேச வேண்டும். போர்ட் செத்திருந்தால் அதுவும் செத்ததுதான். வாங்கிவிட்டு வருந்த வேண்டாம்.

வெளியில் வாங்கிப் பொருத்திய டிஸ்பிளே என்றால், பொருத்தியவரிடம் போங்கள். அதன் பின்னால் இரண்டு யுஎஸ்பி வால்கள் இருக்கும் வகைகள் உண்டு. அவற்றில் ஒன்றுதான் போனுக்கு. தவறானதை வெளியே இழுத்துவிட்டிருக்கலாம். டிஸ்பிளேயிலிருந்து போர்ட்டுவரை ஓடும் நீட்டிப்புக் கம்பி கழன்றிருக்கலாம். டிஸ்பிளேயை மாற்றும் பேச்சுக்கு முன் அந்தக் கம்பியை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். காரோடு வந்த டிஸ்பிளே என்றால் சர்வீஸ் நிலையம்தான். அங்கும் போர்ட் பகுதியை மட்டும் தனியாக மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். நீங்களே டாஷ்போர்டைப் பிரிக்காதீர்கள். அதன் பின்னால் ஏர்பேக் கம்பிகள் ஓடுகின்றன. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டி என்றால் அந்த உரிமையும் போகலாம்.

கொண்டுபோகும்போது தேறிய கேபிளையும் இரண்டு போன்களையும் எடுத்துச் செல்லுங்கள். "போன் எடுக்கவில்லை" என்று மட்டும் சொல்லாமல், "இந்தக் கேபிளில் இரண்டு போனும் கணினியில் எடுக்கின்றன, இந்தக் காரில் எடுக்கவில்லை, விடியலிலும் மதியத்திலும் பார்த்துவிட்டேன், இரு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். இதைச் சொன்னால் மெக்கானிக் கேபிளிலிருந்து தொடங்காமல் போர்ட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியிலிருந்து தொடங்குவார்.